இல்லாத நாள் வேண்டாம்

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஜெயராணி அக்கா ஆள்காட்டி விரலால் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்வாள். மேசை இருந்தால் மேசைமேல், இல்லாவிட்டால் தொடைமேல். கூரியர்காரர் நின்றுகொண்டிருந்தாலும் சரி, வங்கியில் பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் சரி, விரல் ஓடி முடிந்த பிறகுதான் பேனா ஓடும். நான் பன்னிரண்டாவது படித்த காலத்திலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். "கையெழுத்து மறந்துபோச்சாக்கா?" என்று கிண்டல் செய்வேன். "மறக்கக் கூடாதுன்னுதான்" என்பாள். அந்தப் பதிலுக்குள் இருந்தது எனக்குப் புரிய ஐந்து வருடம் ஆயிற்று.

சிதம்பரத்தில் எங்களுக்கு எதிர்வீடு அவர்களுடையது. அவளுடைய அப்பா லூர்துசாமி, கொத்தனார். அவர்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அக்கா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள் நான். பார்மசி டிப்ளமோ முடித்து, மருந்தாளுநர் கவுன்சிலில் பதிவும் செய்து, 2019 ஜூன் மாதம் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், அமிர்தம் மெடிக்கல்ஸ் என்ற மருந்துக்கடை. காலையில் பாசஞ்சர் ரயிலில் போய் இரவு பஸ்ஸில் திரும்புவாள். மூன்றரை வருடம் இப்படி ஓடியது. லூர்துசாமி மாமாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். நான்கு மாதத்தில் அவர் இறந்துபோனார்.

அதன் பிறகுதான் வெளிநாட்டு யோசனை வந்தது. லால்பேட்டையில் ரஹ்மத்துல்லா பாய் என்று ஒருவர் வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் வைத்திருக்கிறார். மஸ்கட்டில் ஒரு மருந்தகத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். 2024 தொடக்கத்தில் ஒரு நாள் துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு அக்கா அங்கே போனாள். பாய் அவளுடைய சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அனுபவச் சான்றிதழ் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"இது ஆவாதும்மா."

"ஏன் பாய்?"

"பார்மசிஸ்ட்டா ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் கேக்குறாங்க. இதுல சேந்தது 2021 மார்ச், விட்டது 2022 நவம்பர்னு இருக்கு. மூணு மாசம் கொறையுது. வேலைய பாருங்க, விற்பனை உதவியாளராம். நீங்க மருந்து குடுத்தீங்களா, சோப்பு வித்தீங்களா?"

அக்கா அந்தத் தாளை வாங்கி வாசித்தாள். கடையை விட்டு வந்தபோது கவரோடு கொடுத்ததை அதுவரை பிரித்துப் பார்த்ததில்லையாம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் கவரைப் பிரிப்பார்கள்?

"நான் சேந்தது 2019 பாய். ஜூன் பத்து."

"அப்போ அதையே மாத்தி வாங்கிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. நாம குடுக்குற பேப்பரை அங்க சும்மா நம்ப மாட்டாங்க. சரிபார்க்கன்னே கம்பெனி இருக்கு. அவுங்க நேரா உங்க பழைய கடைக்கு மெயில் போட்டு, என்னைக்குச் சேந்தாங்க, என்னைக்குப் போனாங்க, என்ன வேலைன்னு கேப்பாங்க. ஒரு எழுத்து மாறினாலும் பொய் பேப்பர்னு குத்திடுவான். அப்பறம் எந்த நாட்டுக்கும் போக முடியாது." பாய் தாளைத் திருப்பித் தந்தார். "ஜாஸ்தி நாள் இழுக்காதீங்க. வேலைய விட்டு ரெண்டு வருஷம் தாண்டிட்டா இதே எக்ஸ்பீரியன்ஸ் செல்லாது. ஆமா, கடைசில கையெழுத்து யாரோடது?"

"கடைக்கார அண்ணன். திருநாவுக்கரசு."

"கடை அவர் பேர்லயா இருக்கு?"

அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன், "எப்படிக்கா ரெண்டு வருஷத்தை அப்படியே முழுங்கிட்டாங்க?" அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மருந்துக்கடை நடத்தப் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் வேண்டும். அவர் பெயர் உரிமத்தில் இருக்க வேண்டும். அவருடைய பதிவுச் சான்றிதழைக் கடையில் மாட்ட வேண்டும். அமிர்தம் மெடிக்கல்ஸில் மாட்டியிருந்தது பாலகுமாரின் சான்றிதழ். திருநாவுக்கரசின் மச்சான், அதாவது மனைவி அமிர்தத்தின் தம்பி. அவர் பெங்களூரில் மருந்து கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். சான்றிதழ் மட்டும் திருப்பாதிரிப்புலியூர் சுவரில் வேலை பார்த்தது. மருந்து எடுத்துக் கொடுத்ததும், டாக்டர் சீட்டில் டோஸ் தவறாக இருந்தால் போன் செய்து கேட்டதும், சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கிழவிகளுக்கு மூன்று முறை சொன்னதும் அக்கா. பில்லில் மருந்தாளுநர் கையெழுத்து வேண்டும் என்பதால் அவள் போட்டது பாலகுமாரின் கையெழுத்து.

"மொத நாளே ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டி, இதே மாதிரி போட்டுப் பழகுன்னாரு. ஒரு நாளைக்கு நூறு பில்லு. ஒரு கட்டத்துல எனக்கு பேங்க்லகூட 'பா'ன்னுதான் கை போகும். அதான் வெரல்ல எழுதிப் பாக்குறது."

அத்தனை வருடம் நான் கிண்டல் செய்தது இதைத்தான்.

2021 தொடக்கத்தில் பாலகுமார் சொந்தமாக ஏஜென்சி எடுக்கப்போவதாகச் சொல்லித் தன் சான்றிதழைத் திரும்பக் கேட்டார். அப்போதுதான் திருநாவுக்கரசு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதி, உரிமத்தில் அக்காவின் பெயரைச் சேர்த்தார். அது மார்ச் மாதம். சான்றிதழில் அவள் சேர்ந்த தேதியாக அவர் எழுதியது அந்தத் தேதியைத்தான்.

அடுத்த வாரமே கடலூர் போனோம். திருநாவுக்கரசு சிரித்த முகத்தோடு வரவேற்றார். டீ வரவழைத்தார். கல்லாவில் அமிர்தம் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

"விற்பனை உதவியாளர்னா போட்டிருக்கு? அட, டிடிபி கடைல எல்லாருக்கும் ஒரே மேட்டர்தாம்மா வச்சிருக்கான், பேரை மட்டும் மாத்துவான். இப்பவே பார்மசிஸ்ட்னு மாத்தித் தரேன்."

"தேதியும் மாத்தணும்ணே. நான் சேந்தது 2019."

சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "அது எப்படி ஜெயா? அப்போ லைசென்ஸ்ல நம்ம பாலு பேரு இல்ல இருந்துது?"

"ஒரு கடைல ரெண்டு பார்மசிஸ்ட் இருக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லையேண்ணே."

"இருக்கலாம். ஆனா ஆபீஸ்ல சொல்லியிருக்கணும்ல? நான் சொல்லல. இப்போ 2019னு எழுதிக் குடுத்தா, அப்போ ஏன் சொல்லலன்னு இன்ஸ்பெக்டர் கேப்பான். பாலு எங்க இருந்தான்னும் கேப்பான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு எவ்வளவு கொறையுது? மூணு மாசம்தானே? விட்ட தேதியைத் தள்ளிப் போட்டுடுறேன். 2023 மார்ச் வரைக்கும் இருந்தேன்னு வச்சிக்கோ. மெயில் வந்தாலும் நான்தானே பதில் சொல்லப் போறேன்? வேலை முடிஞ்சுது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே என்று நினைத்தேன். வேலை தேடித் தேடிச் சலித்திருந்த எனக்கு, மூன்று மாதப் பொய் ஒரு பொய்யாகவே தெரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அந்த மாதங்களில்தான் அவள் அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தாள்.

"அந்த மூணு மாசம் நான் எங்கப்பாவுக்கு வாய் தொடச்சி, பீ மூத்திரம் அள்ளிக்கிட்டு இருந்தேண்ணே. அப்போ உங்க கடைல நின்னு மாத்திரை எண்ணினேன்னு எழுதுவீங்களா?"

"ஏம்மா, நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"இல்லாத நாள் எனக்கு வேண்டாம். இருந்த நாளைக் குடுங்க."

அவர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். "சரி, அப்படியே போவோம். 2019ல பில்லுல கையெழுத்து யாரு போட்டது? நீதானே? அது வெளிய வந்தா என் லைசென்ஸ் மட்டுமா போகும்? உன் ரெஜிஸ்ட்ரேஷனும்தான் போகும். யோசிச்சுப் பாரு."

கடையிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தோம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்ததும் சொன்னாள்: "கயலு, ஒரு லெட்டர் டைப் பண்ணணும்."

அன்று மாலை எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அனுப்புநர், பெறுநர், பொருள்: அனுபவச் சான்றிதழில் திருத்தம் கோருதல். சேர்ந்த தேதி 10.06.2019, பணி மருந்தாளுநர், விலகிய தேதி 30.11.2022 எனத் திருத்தி வழங்க வேண்டும். இதுவரை சரி. அடுத்த வரியில் என் விரல் நின்றது.

"2021 மார்ச் வரை தங்கள் அறிவுறுத்தலின்படி விற்பனை ரசீதுகளில் திரு. பாலகுமார் பெயரில் நானே கையெழுத்திட்டேன். அது தவறு என்று அறிவேன்."

"அக்கா, இது வேணாம். நம்மளே நம்ம தலைல மண்ணை அள்ளிப் போட்டுக்கிற மாதிரி இருக்கு."

"அதைச் சொல்லித்தான பயமுறுத்துனாரு? நானே எழுதிட்டா அப்பறம் எதை வச்சி பயமுறுத்துவாரு?"

"ரெஜிஸ்ட்ரேஷன் போச்சுன்னா?"

"போனா போவட்டும். திருட்டுத்தனமா வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? டைப் பண்ணுடி."

நானாக இருந்தால் அந்த வரியை எழுதியிருப்பேனா? இன்றுவரை தெரியவில்லை. அன்று தட்டினேன், அவ்வளவுதான்.

"யாருக்குக்கா அனுப்புறது? திருநாவுக்கரசுன்னு போடவா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். லால்பேட்டை பாய் கேட்ட கேள்வி அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "லைசென்ஸ் அந்தக்கா பேர்ல இருக்கு. செவுத்துல மாட்டியிருக்கறதை நான்தானே தினம் தொடைப்பேன். உரிமையாளர், திருமதி அமிர்தம்னு போடு."

ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். தபால் நிலைய கவுண்டரில் கையெழுத்துப் போடும் முன் அவள் விரல் மரப்பலகைமேல் ஓடியது. இந்த முறை நான் கிண்டல் செய்யவில்லை.

அட்டை திரும்பி வந்தது. அதில் அமிர்தத்தின் கையெழுத்து. பிறகு பாலகுமார் பெங்களூரிலிருந்து போன் செய்து கத்தினார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என் பேரை எதுக்கும்மா எழுத்துல இழுக்குற?" என்றார். "உங்க பேரை நான் ரெண்டு வருஷம் இழுத்திருக்கேன் சார். தெனம் நூறு தடவை. அப்பெல்லாம் நீங்க போனே பண்ணலையே" என்றாள். அவர் வைத்துவிட்டார்.

ஒரு மாதம் வேறு பதில் இல்லை. மே மாதத்தில் மறுபடியும் கடைக்குப் போனோம். மாலை நேரம், கவுண்டரில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் திருநாவுக்கரசின் முகம் சிவந்தது.

"உனக்கு வேலை குடுத்து, சம்பளம் குடுத்து, வீட்டுப் புள்ள மாதிரி வச்சிருந்ததுக்கு நல்லா செஞ்ச!"

"வீட்டுப் புள்ளைக்கு சர்டிபிகேட் வேணாம்ணே. வேலைக்காரிக்கு வேணும்."

சீட்டை நீட்டியபடி நின்ற ஒரு பெரியவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"2019ல நீ சும்மா கத்துக்க வந்தவ. பார்மசிஸ்ட்டெல்லாம் கெடையாது."

"கத்துக்க வந்தவளா? கொரோனால ரயிலு ஓடல. உங்க மொபெட்டை எடுத்துக்கிட்டு சிதம்பரத்துலேர்ந்து வந்தேன். புதுச்சத்திரத்துல போலீசு நிறுத்துச்சு. போன்ல அவுங்ககிட்ட நீங்க என்ன சொன்னீங்க? 'சார், எங்க பார்மசிஸ்ட்டு சார், அந்தப் பொண்ணு வரலேன்னா கடைய தொறக்க முடியாது'ன்னீங்க. போலீசுக்கு மட்டும் நான் பார்மசிஸ்ட்டா?"

"ஏய், குரலைக் கொறச்சிப் பேசு. கஸ்டமர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். இவுங்களுக்கு மருந்து குடுத்தது யாருன்னு இவுங்களுக்கே தெரியும்."

அப்போது கல்லாவிலிருந்து அமிர்தம் எழுந்தார். நான் பார்த்த நேரங்களில் எல்லாம் அவர் உட்கார்ந்தே இருப்பார், சில்லறை எண்ணுவார், பேசுவது குறைவு. மேசை இழுப்பறையிலிருந்து கடையின் லெட்டர்பேடை எடுத்தார்.

"என்ன பண்ற?" என்றார் கணவர்.

"எனக்கு வந்த லெட்டருக்குப் பதில் எழுதுறேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாது, அமிர்தம்."

"பதினாறு வருஷமா புரியலன்னுதான் உக்காந்திருக்கேன். லைசென்ஸ்ல என் போட்டோவை ஒட்டும்போது புரியாதுன்னு சொல்லல நீங்க." அக்காவைப் பார்த்தார். "என் தம்பி பேரு இதுல வருமா?"

"எதுக்குக்கா வரணும்? என் பேரு, என் தேதி, என் வேலை. வேற ஒண்ணும் வேணாம்."

"கொரோனால நான் மூச்சு விட முடியாம கெடந்தப்போ மாத்திரை போட்டுக் குடுத்தது இவதான். பாலு இல்ல." இதைக் கணவரிடம்தான் சொன்னார், ஆனால் கவுண்டரில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

அந்த லெட்டர்பேடில் நான் டிடிபி கடையில் அடித்து வந்த தாளில் அமிர்தம் கையெழுத்திட்டு, உரிமையாளர் முத்திரையைத் தானே குத்தினார். ஈரம் காயும் வரை தாளைக் கையில் பிடித்திருந்தார்.

"தரேன் ஜெயா. ஆனா ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஆபீஸ்லேர்ந்து கூப்ட்டாங்கன்னா நான் பொய் சொல்ல மாட்டேன். உண்மையத் தனியா சொல்லவும் எனக்கு தைரியம் இல்ல. நீ எங்க இருந்தாலும் வந்து பக்கத்துல நிக்கணும்."

"வருவேன்க்கா."

"நெஜமா?"

"இருந்த நாளைக் குடுத்திருக்கீங்க. வராம இருப்பேனா?"

சரிபார்ப்பு மெயில் ஆகஸ்டில் வந்தது. அமிர்தமே பதில் போட்டார். அவர்கள் போனிலும் கேட்டபோது, "2019 ஜூன் பத்து, மருந்தாளுநர்" என்று ஒரே மூச்சில் சொன்னதாக என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நவம்பருக்குள் விண்ணப்பம் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜெயராணி அக்கா மஸ்கட் போனாள். அங்கிருந்து முதலில் அனுப்பிய படம், அவளுடைய பெயர் பொறித்த வெள்ளைக் கோட்டு.

முந்தின ஆண்டு மே மாதம் கடையில் சண்டை நடந்தபோது கவுண்டரில் நின்றவர்களில் யாரோ ஒருவர் எழுதியிருக்க வேண்டும். அவள் மஸ்கட் போன அதே ஆண்டு ஜூலையில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று. விளக்கம் கேட்டு அமிர்தத்துக்கு நோட்டீஸ் வந்தது. நேரில் வரச் சொல்லி ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். அவர் எனக்குத்தான் போன் செய்தார். நான் அக்காவிடம் சொன்னேன்.

"வரணும் கயலு. ஆனா சேந்து ஆறு மாசம்கூட ஆவல. லீவு கேட்டா இல்லைங்கறான். மீறி வந்தா வேலை போச்சு." பிறகு சொன்னாள்: "நான் தப்பா ஒண்ணும் கேக்கல. என் நாளைத்தான் கேட்டேன். அதுக்காக யார்கிட்டயும் மன்னிப்பு கேக்க மாட்டேன். ஆனா வரேன்னு சொன்னேன்ல, அது வேற."

தன் கையெழுத்தைப் பற்றிய உண்மையை எழுதி, ஸ்கேன் செய்து, அலுவலகத்துக்கே மெயில் அனுப்பினாள். அது அலுவலகத்துக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது. அமிர்தத்துக்குப் போதவில்லை. அவர் கேட்டது தாள் அல்ல, பக்கத்தில் நிற்கும் ஓர் ஆள்.

அந்த நாளில் திருநாவுக்கரசு வரவில்லை. பாலகுமாரின் போன் அணைந்திருந்தது. நான் துணைக்குப் போனேன், ஆனால் என்னை உள்ளே விடவில்லை. அமிர்தம் தனியாகப் போய், எல்லாவற்றையும் தனியாகச் சொல்லிவிட்டு வந்தார். கடை உரிமத்தைப் பத்து நாள் நிறுத்திவைத்தார்கள். ஷட்டரில் ஒட்டிய தாளை அவர் கிழிக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

இப்போது கடை திறந்திருக்கிறது. வேலைக்கான நேர்காணலுக்குக் கடலூர் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். அமிர்தம் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்துவிட்டால் கேட்பது ஒரே கேள்விதான். கோபமாகக் கேட்பதில்லை; மழை வருமா என்று கேட்பதைப் போலத்தான் கேட்கிறார்.

"உங்கக்கா எப்ப வராளாம்?"

ஜெயராணி அக்கா இன்னும் வரவில்லை.